கையெழுத்துக்கு முன் மாடிக்குப் போங்கள்

வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்டுவது இரண்டு மூன்று நாள் வேலைதான். சாரம், பேனல், வயர், இன்வெர்ட்டர் எல்லாம் ஏறிவிடும். கடைசி நாள் சாயங்காலம் நிறுவியவர் ஒரு கோப்போடு வந்து நிற்பார். “சார், இங்க ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு போட்டுடுங்க. ஃபைல் இன்னிக்கே போனாத்தான் மானியம் சீக்கிரம் வரும்.” இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறது, போனில் ஏதோ ஒரு வரைபடம் ஏறுகிறது. வீட்டுக்காரர் போட்டுவிடுவார்.

மானியம் பெரிய தொகை என்பதில் சந்தேகமில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 78,000 ரூபாய் வரை கிடைக்கிறது. அமைப்பு இயங்கத் தொடங்கியது பதிவான பிறகுதான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘சோதித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது, பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுப்பதும் அதுதான். எதைச் சோதித்தார்கள் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இருக்காது. கோப்பில் சோதனைத் தாள் இருக்கும். அதில் எண்களும் இருக்கும். பக்கத்து ஊர் வீட்டுத் தாளிலும் அச்சு அசலாக அதே எண்கள் இருப்பதுதான் வேடிக்கை.

வீட்டுக்காரர் எதையும் தொடவே வேண்டாம். தொடவும் கூடாது. வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது. வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். டெக்னீசியனை அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று, மீட்டரில் தெரியும் எண்ணைத் தாளில் தேதியோடு குறித்துக்கொண்டால் போதும். என்ன எண் வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். 550 வாட் பேனல் ஆறு, ஆக 3.3 கிலோவாட். ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே ஸ்ட்ரிங்காக இழுத்திருக்கிறார்கள். சிவப்பு, கறுப்பு என இரண்டு டிசி வயர்கள் மாடியிலிருந்து இறங்கி டிசி பெட்டிக்கு வருகின்றன. அங்கிருந்து இன்வெர்ட்டர், அடுத்து ஏசி பெட்டி, கடைசியில் ஈபி மீட்டர். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அதிகம் போடப்படும் அமைப்பு ஏறத்தாழ இதுதான்.

சாரத்தைப் பற்றி இரண்டு வரி போதும். தெற்குப் பார்த்து, ஏறத்தாழ பத்து டிகிரி சாய்வு. தட்டோடு பதித்த தளத்தைத் துளைத்து போல்ட் இறக்கியிருந்தால் அடுத்த மழைக்குக் கீழ் அறையில் ஒழுகும். கான்கிரீட் கட்டை போட்டு அதில் நிறுத்துவதே முறை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் பேனலில் விழுகிறதா என்று நேரில் பாருங்கள். மற்றதை மேஸ்திரியே பார்த்துக்கொள்வார்.

கவனமெல்லாம் வயரில்தான் இருக்க வேண்டும். நம் வீட்டு ஏசி மின்சாரம் வினாடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுத் திரும்புகிறது. அதனால் ஒரு இணைப்பு தளர்ந்து தீப்பொறி கிளம்பினாலும் அது தானாக அணைய வாய்ப்பு உண்டு. பேனலிலிருந்து வரும் டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது. பொறி பற்றினால் பற்றியபடியே நின்று எரியும். மாடி சோலாரில் தீ விபத்து என்று கேள்விப்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒரு கனெக்டரைத்தான்.

பேனலுக்குப் பேனல் மாட்டும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கனெக்டருக்கு எம்.சி.4 என்று பெயர். பேனலோடு வருபவை ஆலையிலேயே பொருத்தப்பட்டவை. அவற்றில் அதிகம் தொல்லை இல்லை. ஸ்ட்ரிங்கின் இரு முனைகளிலும், வயர் நீளம் போதாத இடங்களிலும் மாடியில் உட்கார்ந்து கையால் பொருத்துகிறார்களே, அவைதான் ஆபத்து. உள்ளே இருக்கும் உலோகக் குழலை அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பார்க்க இறுகியதுபோல்தான் இருக்கும். பதின்மூன்று ஆம்பியர் நாள்தோறும் அதில் ஓட ஓட அந்த இடம் சூடேறி ஓராண்டில் கருகும். ஆகவே டெக்னீசியன் பையில் கிரிம்பிங் கருவி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஒரு கம்பெனியின் ஆண் கனெக்டரை இன்னொரு கம்பெனியின் பெண் கனெக்டரில் செருகுவதும் கூடாது. சேர்வதுபோல் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்கும். உள்ளே தொடுபரப்பு பொருந்தாது. அதே மாதிரி, கனெக்டர்கள் தளத்தில் கிடக்கக் கூடாது. மழைத்தண்ணீர் தேங்கும் இடத்தில் அவை முழுகிக் கிடப்பதைப் பல மாடிகளில் பார்க்கலாம். சாரத்தின் அடியில் வெயில் தாங்கும் டையால் கட்டித் தூக்கியிருக்க வேண்டும். அணில் தொல்லை உள்ள வீடு என்றால் வயர் குழாய்க்குள்தான் போக வேண்டும்.

டிசி பெட்டியைத் திறக்கச் சொல்லி பிரேக்கரைப் பாருங்கள். டிசி பிரேக்கர்கள் சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறி போட்டிருக்கும். அதை மாற்றி இணைத்தாலும் மின்சாரம் நன்றாகவே ஓடும். ஒரு வித்தியாசமும் தெரியாது. சுமையோடு அணைக்கும் நாளில், பொறியை அணைப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் காந்தம் அதைத் தப்பான பக்கம் தள்ள, பெட்டியே எரியும். ஏசி பிரேக்கரை டிசி பெட்டியில் போட்டு வைப்பதும் நடக்கிறது. டிசி வோல்ட் அளவு அதன் முகத்திலேயே அச்சடித்திருக்கும், படித்துப் பார்க்கலாம்.

இனி அளவீடு. முதல் அளவு, இன்வெர்ட்டரோடு இணைக்காத நிலையில் ஸ்ட்ரிங்கின் இரண்டு முனைகளுக்கு இடையிலான வோல்ட். பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் Voc என்று ஒரு எண் இருக்கும். நம் பேனலில் அது 49.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேனலுக்கு 298.8 வோல்ட். ஆனால் தாளில் உள்ள எண் பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் நம் மாடியில் பேனல் 60 டிகிரிக்குச் சுடும். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் வோல்ட் ஏறத்தாழ 0.27 சதவீதம் குறையும். இந்தக் கணக்கும் அதே தாளில் இருக்கும். 35 டிகிரி கூடுதல் என்றால் ஒன்பதரை சதவீதம் போய்விடும். ஆக மீட்டரில் வர வேண்டியது 270 வோல்ட் பக்கம்.

இப்போது டெக்னீசியன் அளக்கிறார். மீட்டர் 255 காட்டுகிறது. “வோல்டேஜ் நல்லா வருது சார்” என்று பெட்டியை மூடப் போகிறார். 255 பெரிய எண்தான். ஆனால் நமக்கு வர வேண்டியது 270. பதினைந்து வோல்ட் எங்கே போனது?

அந்தப் பதினைந்துக்குள்ளேயே விடை இருக்கிறது. சூட்டில் ஒரு பேனல் தருவது 45 வோல்ட். ஒரு பேனலே விட்டுப்போயிருந்தால் 225 காட்டியிருக்கும். கையால் பொருத்திய கனெக்டரில் பிளஸ், மைனஸ் மாறி ஒரு பேனல் தலைகீழாகக் கோத்திருந்தால், தன் பங்கு போனதோடு இன்னொன்றின் பங்கையும் அது கழித்துவிடும், 180 காட்டும். பதினைந்து என்பது ஒரு பேனலின் சரியாக மூன்றில் ஒரு பங்கு. பேனலுக்குள் செல்களை மூன்று கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் டையோடு வைத்திருப்பார்கள். நிழல் விழுந்த கூட்டத்தைத் தாண்டி மின்சாரம் போவதற்கான குறுக்குவழி அது. அந்த டையோடு பழுதாகி நிரந்தரமாகத் திறந்த வழியாகிவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் வேலை செய்யாது. ஸ்ட்ரிங்கைப் பிரித்து ஒவ்வொரு பேனலாக அளந்தால் ஐந்து 45 காட்டும், ஒன்று மட்டும் 30 காட்டும். அந்தப் பேனலை அன்றைக்கே மாற்றச் சொல்லலாம்.

அன்றைக்குப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? உற்பத்தியில் ஐந்தரை சதவீதம் குறையும். மேகம் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் போகிறது. தூசி படிகிறது, மழை கழுவுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் ஐந்தரை சதவீதக் குறைவை போனில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இருபத்தைந்து வருட உத்தரவாதப் பேனலில் ஆறில் ஒன்று முதல் நாளிலிருந்தே முடங்கிக் கிடக்கும். இந்த ஒரு அளவுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. ஆனாலும் இதைச் செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

அடுத்தது எர்த். மூன்று எர்த் குழி போடுவது வழக்கம்: பேனல், சாரத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. எர்த் டெஸ்டரில் ஒவ்வொன்றும் 5 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். குழிகள் இருக்கின்றனவா என்று எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். பேனலின் சட்டம் அந்தக் குழியோடு உண்மையிலேயே தொடர்பில் இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேனலின் அலுமினியச் சட்டத்தின் மேல் துருப்பிடிக்காமலிருக்க மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. வெறும் வாஷர் போட்டு எர்த் வயரை முறுக்கினால் வயர் பூச்சின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பல் வைத்த வாஷர் போட்டால்தான் அது பூச்சைக் கிழித்து உலோகத்தைத் தொடும். சோதிப்பது எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேனல் சட்டத்தில் உலோகம் தெரிய லேசாகச் சுரண்டிய இடத்திலும், இன்னொரு முனையைக் குழிக்குப் போகும் எர்த் பட்டையிலும் வைக்கச் சொல்லுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் சரி. ஆறு பேனலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் சரியாக இருந்தால் எல்லாவற்றிலும் சரியாக இருக்கும் என்று டெக்னீசியன் சொல்வார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தானே முறுக்கியிருக்கிறார்!

இதோடு சேர்ந்தது மெக்கர் சோதனை. வயரின் மேலுறை எங்காவது சாரத்தின் கூர்முனையில் உரசிக் கிழிந்திருக்கிறதா என்று சொல்லும் சோதனை அது. சோலார் அமைப்புகளைச் சோதிப்பதற்கான ஐ.இ.சி. 62446 தரவிதியின்படி, நம்முடையது போன்ற 300 வோல்ட் அமைப்பில் 500 வோல்ட் செலுத்தி அளந்தால் வயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். புதிய வேலையில் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகவே வரும். இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, டிசி பெட்டியில் இருக்கும் மின்னெழுச்சிக் காப்பானையும் விலக்கிவிட்டு அளக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல வயரும் கெட்டதுபோல் காட்டும். இந்தச் சோதனையை வெயில் நாளில் தாண்டிவிட்ட வீடுகள் பிறகு ஐப்பசியில் தெரியவரும். மழை பெய்த மறுநாள் காலை இன்வெர்ட்டர் ஏதோ ‘ஐசோலேஷன்’ பிழை என்று காட்டி நின்றுவிடும். பத்து மணிக்கு மேல் ஈரம் காய்ந்ததும் தானாக ஓடும். ஆள் வந்து பார்க்கும்போது ஒன்றும் இருக்காது.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். எதை முதலில் போடுவது என்பது இன்வெர்ட்டர் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் ஏசி முதலில், டிசி பிறகு. அணைக்கும்போது ஏசியை அணைத்த பிறகே டிசி. ஓடிக்கொண்டிருக்கும்போது எம்.சி.4 கனெக்டரை எக்காரணம் கொண்டும் பிடுங்கக் கூடாது. இந்த வரிசையை ஒரு தாளில் தமிழில் எழுதி இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அவசர நேரத்தில் அணைக்கப் போவது வீட்டில் இருக்கும் பெரியவர்தான்.

ஓடத் தொடங்கியதும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டு வினாடிக்குள் இன்வெர்ட்டர் நின்றுவிட வேண்டும். வீட்டில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது. பலர் இதைப் பார்த்து ஏமாந்துபோவார்கள், ‘கரண்ட் போனால் சோலாரும் போய்விடுமா’ என்று. போகத்தான் வேண்டும். தெருவில் லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். பேட்டரி இல்லாத அமைப்பு கரண்ட் போன நேரத்துக்கு உதவாது; இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மெயினை மறுபடி போட்டதும் இன்வெர்ட்டர் உடனே பாயாமல் கொஞ்ச நேரம் காத்திருந்து ஈபி மின்சாரம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இணையும். அதுவும் சரிதான்.

நடுப்பகலில் எவ்வளவு வர வேண்டும்? 3.3 கிலோவாட் போட்டால் 3.3 வரும் என்று எதிர்பார்த்துச் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. வராது. நல்ல வெயிலிலும் தாளில் சொன்ன வெளிச்சத்தில் 90 சதவீதம்தான் கிடைக்கும். 60 டிகிரிச் சூட்டில் இன்னும் 12 சதவீதம் போகும். தூசி, வயர், இன்வெர்ட்டர் சேர்ந்து ஒரு ஐந்து சதவீதம். கடைசியில் நிற்பது இரண்டரை கிலோவாட். அதே வெயிலில் இரண்டுக்குக் கீழே காட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு மட்டும் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடினால் பேனலைக் குறை சொல்லாமல் ஏசி வயரைப் பாருங்கள். சோலார் மின்சாரத்தை வெளியே தள்ளும்போது வயரின் தடையைத் தாண்ட இன்வெர்ட்டர் தன் வோல்ட்டை உயர்த்த வேண்டியிருக்கும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்திருந்தால் 13 ஆம்பியரில் கிட்டத்தட்ட 6 வோல்ட் ஏறும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் இரண்டரை வோல்ட்டுக்குள் முடியும். மதியத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் உயர்ந்திருக்கும் தெருவில் அந்தக் கூடுதல் மூன்றரை வோல்ட்டே இன்வெர்ட்டரை அணைத்துவிடப் போதும்.

கடைசியாக மீட்டர். இது பணம் சம்பந்தப்பட்டது. மின்வாரியம் வந்து நெட் மீட்டர் மாட்டும்வரை சோலாரை ஓடவிடாதீர்கள். ‘வீணாப் போகுதே’ என்று ஓடவிடுபவர்கள் உண்டு. பழைய எலெக்ட்ரானிக் மீட்டர்களில் சில, மின்சாரம் எந்தப் பக்கம் போனாலும் அதை நாம் எடுத்ததாகவே கணக்கிடும். நீங்கள் பகலெல்லாம் கொடுத்த மின்சாரத்துக்கும் சேர்த்து நீங்களே பில் கட்ட வேண்டியிருக்கும். நெட் மீட்டர் மாட்டிய அன்று எடுத்தது, கொடுத்தது என்ற இரண்டு ஆரம்ப எண்களையும் மீட்டர் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். மதியம் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கொடுத்த எண் மட்டுமே நகர்ந்திருக்க வேண்டும். எடுத்த எண் நகர்ந்தால் மீட்டரின் வயர் மாறியிருக்கிறது. வாரியத்தின் ஆள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கோப்பைக் கையில் வாங்கலாம். அதில் ஆறு பேனலின் வரிசை எண்களும் இன்வெர்ட்டரின் எண்ணும் இருக்க வேண்டும். மாடியில் மாட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல் உள்ள பேனல்தான் செல்லும், எண் மாறினால் உத்தரவாதமும் செல்லாது. நீங்கள் நின்று பார்த்துக் குறித்த வோல்ட், எர்த், மெக்கர் எண்கள் சோதனைத் தாளில் அப்படியே ஏறியிருக்க வேண்டும். வயரிங் படம் ஒன்று, உத்தரவாத அட்டைகள், ஐந்து வருடப் பராமரிப்புக்கான எழுத்து. இன்வெர்ட்டரின் செயலிக் கணக்கு உங்கள் போன் எண்ணில் இருக்க வேண்டும். நிறுவியவரின் கணக்கில் உங்கள் வீட்டை ஒரு கிளையாகச் சேர்த்துவிட்டுப் போனால், அவர் கடையை மூடும் நாளில் உங்கள் கணக்கும் போய்விடும். ஏதாவது ஒன்று பாக்கி இருந்தால் கையெழுத்துக்கு மேலே அதைக் கையால் எழுதி, எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்றும் எழுதி, அவரையும் அதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கடைசித் தவணையை அந்தத் தேதிவரை கொடுக்காதீர்கள்.